ஐந்நூறைத் தாண்டிய 42 யூனிட்

காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் இருக்கும் வீடு அது. 2025 மார்ச் கடைசியில் அந்த வீட்டுக்கு வந்த கரண்டு பில் ரூ.1,081. அடுத்த பில் ஜூன் முதல் வாரத்தில் வந்தது: ரூ.2,393. வீட்டில் புதிதாக எந்தச் சாமானும் வாங்கவில்லை. போன வருடம் மாட்டிய ஒரு டன் ஏசி, இரண்டு மின்விசிறி, ஃபிரிட்ஜ், டிவி, தண்ணீர் மோட்டார், அவ்வளவுதான். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டர். இரவு 8 மணிக்கு ஏறினால் காலை 8 மணிக்கு இறங்கும் நைட் ஷிப்ட்.

பில் விவரம் எஸ்எம்எஸ்ஸாக வரத்தான் செய்கிறது. ஆனால் இணைப்பில் பதிந்திருப்பது அவருடைய பழைய இந்திய எண். ரீசார்ஜ் செய்யாமல் கிடக்கும் அந்த சிம்முக்கு வரும் செய்தியை யாரும் பார்ப்பதில்லை. எனவே ரீடிங் எடுத்துவிட்டுப் போனதும் மனைவி அட்டையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். ஊரில் இரவு 9.30 மணி என்றால் சிங்கப்பூரில் நள்ளிரவு 12. அதுதான் சாப்பாட்டு இடைவேளை. கையுறையைக் கழற்றிவிட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவியைக் கேட்பதற்கு முன்னால், ஒரு வரியோடு அந்தப் படத்தைத் தாய்மாமனுக்குத் தள்ளிவிட்டார்: “மாமா, மீட்டர் ஓடுதா, பறக்குதா?”

மாமா மின்வாரியத்தில் பல வருடம் கணக்கீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர்க்காரர்கள் சொல்கிறபடி சொன்னால், ரீடிங் எடுக்க வருகிறவர். காலையில் எழுந்ததும் குரல் பதிவாகப் பதில் போட்டார். “மாப்ள, நீ தொகைய மட்டும் பாக்குற. தொகை கடைசிக் கட்டம். அதுக்கு முன்னாடி மூணு கட்டம் இருக்கு பாரு. அதை வாசி.”

அந்த வெள்ளை அட்டை தமிழ்நாட்டில் அநேகமாக எல்லா வீட்டிலும் இருக்கும். மீட்டர் பெட்டிக்குப் பின்னால் செருகி வைத்திருப்பார்கள், அல்லது காலண்டருக்கு அடியில் ஆணியில் தொங்கும். மேலே மின் இணைப்பு எண். அதன் முதல் இரண்டு இலக்கம் மண்டலத்தைக் காட்டும். மதுரை மண்டலம் என்றால் 05. அடுத்து வருபவை பிரிவு அலுவலகத்தையும் பகிர்மானத்தையும் காட்டும். கடைசியில் வீட்டின் சொந்த எண். கீழே வரிசை வரிசையாகக் கட்டங்கள்: தேதி, மீட்டர் அளவு, யூனிட், தொகை. இப்போது சில இடங்களில் கணக்கீட்டாளர் அட்டையில் எழுதாமல், கையில் உள்ள கருவியில் பதிந்துவிட்டுப் போய்விடுகிறார். எழுதித் தரச் சொல்லிக் கேட்பது நல்லது. தொகையை வைத்துச் சண்டை போட முடியாது, தேதியையும் மீட்டர் அளவையும் வைத்துத்தான் பேச முடியும்.

படத்தில் இருந்த கடைசி இரண்டு வரிசை இப்படி இருந்தது. மார்ச் 28-ஆம் தேதி மீட்டர் அளவு 14,216, யூனிட் 380, தொகை 1,081. ஜூன் 5-ஆம் தேதி மீட்டர் அளவு 14,758, யூனிட் 542, தொகை 2,393. பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால் 542 சரியாக வருகிறது. கூட்டல் கழித்தலில் தவறில்லை. ஆனால் செலவான மின்சாரம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை, தொகை மட்டும் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. ஏன்?

மாமா ஒரு தாளை எடுத்து இரண்டு கணக்கையும் போட்டுப் படமாக அனுப்பினார். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு. நுகர்வோர் கையிலிருந்து கட்டும் விலை 2024 ஜூலை 1 முதல் மாறியது. 2025 ஜூலையில் கட்டணம் மறுபடி உயர்ந்தபோது, வீடுகளுக்கான உயர்வை அரசே ஏற்றுக்கொண்டது. ஆக, இந்த பில்லுக்குப் பொருந்துவது 2024-ன் விலைதான்.

மார்ச் பில்லின் கணக்கு எளிது. முதல் 100 யூனிட் இலவசம். 2016 மே மாதம் ஜெயலலிதா மீண்டும் முதலமைச்சராகப் பதவியேற்ற அன்றே கையெழுத்திட்ட கோப்புகளில் ஒன்று இந்தச் சலுகை. அடுத்த 100 யூனிட், அதாவது 101 முதல் 200 வரை, யூனிட்டுக்கு ரூ.2.35. அது 235 ரூபாய். 201-லிருந்து 400 வரை ரூ.4.70. இவர்கள் செலவழித்தது 380 என்பதால் 180 யூனிட்டுக்கு 846 ரூபாய். இரண்டையும் கூட்டினால் 1,081.

ஜூன் பில்லுக்கு இதே ஏணியில் இன்னும் இரண்டு படி ஏறினால் போதும் என்றுதான் வெல்டர் நினைத்திருந்தார். ஆனால் 500 யூனிட்டைத் தாண்டியவர்களுக்கு ஏணியே வேறு. அந்த ஏணியில் 101 முதல் 200 வரையிலான ரூ.2.35 என்ற பாதி விலைப் படி கிடையாது. 101-லிருந்து 400 வரை எல்லாமே ரூ.4.70. எனவே அந்த 300 யூனிட்டுக்கு 1,410 ரூபாய். 401 முதல் 500 வரை ரூ.6.30 வீதம் 630 ரூபாய். 500-க்கு மேல் போன 42 யூனிட்டுக்கு ரூ.8.40 வீதம் 352 ரூபாய் 80 காசு. மொத்தம் 2,392 ரூபாய் 80 காசு. காசைச் சரிசெய்தால் 2,393.

இதில் பலர் கவனிக்காத விஷயம், வரம்பைத் தாண்டியதும் விலை பின்னோக்கியும் ஏறுகிறது என்பதுதான். சரியாக 500 யூனிட்டில் நின்றிருந்தால் பில் 1,805 ரூபாய். 501 ஆனால் 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒற்றை யூனிட்டின் விலை 8 ரூபாய் 40 காசு இல்லை, 243 ரூபாய் 40 காசு. அதில் 235 ரூபாய், ஏற்கெனவே எரித்து முடித்த 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கான சலுகை திரும்பப் போனதால் வந்தது.

முன்பு இது இன்னும் கொடுமையாக இருந்தது. 2022 செப்டம்பர் கட்டண மாற்றத்துக்கு முன்னால், 500 யூனிட் வரை செலவழித்தவர் நிலைக் கட்டணத்தையும் சேர்த்து 1,130 ரூபாய் கட்டினார். 501 யூனிட் ஆனவர் 1,786 ரூபாய் 60 காசு கட்டினார். ஒரு யூனிட்டுக்கு 656 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். அந்த மாற்றத்தில் வீடுகளுக்கான நிலைக் கட்டணம் நீக்கப்பட்டது, பள்ளமும் குறைந்தது. ஆனால் முழுதாக மூடப்படவில்லை.

இதைக் கேட்ட வெல்டருக்கு அடுத்த கேள்வி வந்தது. “இங்க சிங்கப்பூர்ல எல்லா யூனிட்டுக்கும் ஒரே ரேட்டுதான மாமா?” அவர் தங்குவது தொழிலாளர் விடுதி, அங்கே அவர் பெயருக்கு பில் வருவதில்லை. ஆனாலும் கேட்டது சரிதான். சிங்கப்பூரில் எஸ்பி குழுமத்திடம் மின்சாரம் வாங்கும் வீடுகளுக்கு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும் ஒரே விலைதான். கொஞ்சம் எரித்தாலும் நிறைய எரித்தாலும் யூனிட்டுக்கு அதே காசு. தமிழ்நாட்டுக் கணக்கு குறைவாக எரிப்பவருக்குச் சலுகை, கூடுதலாக எரிப்பவருக்குக் கூடுதல் விலை என்ற அடிப்படையில் போடப்பட்டது. இரண்டே மின்விசிறி ஓடும் வீட்டுக்கு இங்கே பில்லே வராமல் போகலாம். அந்தச் சலுகையின் மறுபக்கம்தான் இந்த 500 என்ற கோடு.

சரி, கணக்கு புரிந்துவிட்டது. கோடையில் பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள், ஏசி ஓடியது, 500 தாண்டியது. அதோடு பேச்சு முடிந்திருக்கும். மாமாதான் விடவில்லை. “தேதிக் கட்டத்தப் பாத்தியா மாப்ள?” என்று கேட்டார்.

மார்ச் 28-லிருந்து ஜூன் 5 வரை விரல் விட்டு எண்ணினால் 69 நாள். இதற்கு முந்தைய கணக்கு ஜனவரி 27-லிருந்து மார்ச் 28 வரை, சரியாக 60 நாள். இந்தத் தடவை கணக்கீட்டாளர் மே 27 வாக்கில் வந்திருக்க வேண்டும். ஒன்பது நாள் கழித்துத்தான் வந்திருக்கிறார். கணக்கீட்டாளர் பணியிடம் காலியாகக் கிடப்பது, ஒருவரே இரண்டு மூன்று பகுதிகளைப் பார்ப்பது, விடுப்பு என்று இதற்குப் பல காரணம் உண்டு. அட்டையில் 100, 200, 400, 500 என்ற வரம்புகள் இரண்டு மாதத்துக்கானவை. ஆனால் ரீடிங் தள்ளிப் போனால் அந்த வரம்புகள் கூடவே நீள்வதில்லை. 69 நாள் எரித்த மின்சாரத்தை 60 நாளுக்கான அளவுகோலில் வைத்து அளக்கிறார்கள்.

542 யூனிட்டை 69 நாளுக்குப் பங்கிட்டால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 7.85 யூனிட். அந்த வேகத்தில் மே 27 அன்று மீட்டர் கூடுதலாகக் காட்டியிருக்கக் கூடியது 471 யூனிட். கோட்டுக்கு உள்ளேதான். 500-ஐத் தாண்டியது 64-ஆம் நாள், மே 31 வாக்கில். அதாவது தேதிப்படி ரீடிங் எடுத்திருந்தால் அந்த வீடு முதல் ஏணியிலேயே நின்றிருக்கும். பில் 1,622 ரூபாய் 30 காசு வந்திருக்கும்.

இங்கே அவசரப்பட்டு 771 ரூபாய் நஷ்டம் என்று சொல்லிவிடக் கூடாது. மே 27-க்குப் பிறகு எரித்த 71 யூனிட் எங்கேயும் போய்விடாது, அடுத்த பில்லில் ஏறியிருக்கும். நியாயமாகப் பார்க்க வேண்டுமானால் இரண்டு பில்லையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாமா அடுத்த ரீடிங் வரைக்கும் பொறுத்திருந்தார். அது ஜூலை 26-ஆம் தேதி, பழைய வரிசைப்படி சரியான நாளில் எடுக்கப்பட்டது. 51 நாளில் 316 யூனிட். பில் 780 ரூபாய் 20 காசு, அட்டையில் 780.

நடந்தபடி இரண்டு பில்லையும் கூட்டினால், காசு சரிசெய்வதற்கு முன் 3,173 ரூபாய். தேதி தவறாமல் எடுத்திருந்தால் முதல் பில் 471 யூனிட், இரண்டாவது 387 யூனிட். இரண்டுக்கும் சேர்த்து 2,736 ரூபாய் 20 காசு. எரித்த மின்சாரம் இரண்டிலும் அதே 858 யூனிட்தான். ஒன்பது நாள் தாமதத்துக்கு அந்த வீடு கொடுத்த விலை 436 ரூபாய் 80 காசு.

இந்தத் தொகை எப்போதும் நஷ்டமாகத்தான் வரும் என்றில்லை. குளிர் மாதத்தில் 300 யூனிட் எரிக்கும் வீட்டுக்கு ஒன்பது நாள் தள்ளிப் போனாலும் பெரிதாக எதுவும் ஆகாது. கூடின யூனிட்டுக்கும் அதே ரூ.4.70, அடுத்த பில்லில் அவ்வளவு குறைந்துவிடும். இடிப்பது 440, 460 என்று கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் வீடுகளுக்குத்தான். ஏப்ரல், மே மாதங்களில் ஒரே ஒரு ஏசி வைத்திருக்கும் நடுத்தர வீடுகள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் நிற்கின்றன.

மாமா அடுத்து மீட்டரையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். வந்த படத்தில் 228.4 என்று இருந்தது. “ஆத்தா, இது வோல்டேஜு. இன்னும் கொஞ்சம் பொறுத்து எடு,” என்றார். டிஜிட்டல் மீட்டரின் திரை சில வினாடிக்கு ஒருமுறை தானாக மாறிக்கொண்டே இருக்கும். தேதி, நேரம், வோல்டேஜ், ஆம்பியர், உச்ச சுமை என்று ஒவ்வொன்றாகக் காட்டும். எண்ணுக்குப் பக்கத்தில் kWh என்று எழுத்து தெரியும்போது எடுப்பதுதான் யூனிட். மூன்றாவது முயற்சியில் சரியான படம் வந்தது. கணக்கீட்டாளர் எழுதிய 14,758-ஐவிட மூன்று நாளில் 22 யூனிட் கூடியிருந்தது. நாளைக்கு ஏழு சொச்சம். எழுதிய அளவு தவறில்லை என்பதும், வீட்டின் வேகம் மாறவில்லை என்பதும் ஒரே படத்தில் தெரிந்துவிட்டன.

மீட்டர் பறக்கிறதா என்ற முதல் கேள்விக்கும் வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. மீட்டர் முகப்பில் ஒரு சிறு சிவப்பு விளக்கு மினுக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை தடவை மினுக்கும் என்பதும் அங்கேயே அச்சாகியிருக்கும். பல மீட்டர்களில் அது 3,200. வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, 75 வாட் பழைய மின்விசிறி ஒன்றை மட்டும் முழு வேகத்தில் ஓடவிட்டால், விளக்கு ஏறக்குறைய 15 வினாடிக்கு ஒருமுறை மினுக்க வேண்டும். ஏழெட்டு வினாடிக்கு ஒருமுறை மினுக்கினால் மீட்டரையோ வயரிங்கையோ சந்தேகப்படலாம். மின்விசிறியையும் நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். எதுவுமே ஓடாதபோது விளக்கு தொடர்ந்து மினுக்கினால் எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது மறந்துபோன ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. எலக்ட்ரீசியனைக் கூப்பிட வேண்டிய இடம் அது. மீட்டர் மீதே சந்தேகம் என்றால் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, கட்டணம் கட்டி, வாரியத்தின் எம்.ஆர்.டி. பிரிவில் சோதிக்கச் சொல்லலாம்.

இந்த வீட்டில் விளக்கு ஒழுங்காகவே மினுக்கியது. அப்படியானால் நாளைக்கு 7.85 யூனிட் எங்கே போகிறது? மனைவியிடம் மணிக்கணக்கைக் கேட்டு மாமா எழுதினார். ஏசி இரவில் மட்டும் ஓடுகிறது, மூன்று யூனிட்டுக்குச் சற்று மேல். இரண்டு மின்விசிறி, ஆளுக்கு 14 மணி நேரம், இரண்டு யூனிட். ஃபிரிட்ஜ் ஒரு யூனிட். முக்கால் கிலோவாட் மோட்டார் அரைமணி நேரம், அரை யூனிட்டுக்குக் கீழே. விளக்கு, டிவி, மிக்ஸி, செல்போன் சார்ஜர் எல்லாம் சேர்த்து ஒன்று. கூட்டினால் எட்டுக்குக் கொஞ்சம் குறைவு. எதுவும் ஒளிந்திருக்கவில்லை. நடுராத்திரியில் மனைவியைக் குறை சொல்லாமல் மாமாவைக் கேட்டது வெல்டருக்கு நல்லதாகப் போயிற்று.

“மாடிக்குத் தனி மீட்டர் வாங்கிட்டா ஆளுக்கு 100 யூனிட் ஃப்ரீ கிடைக்கும்ல?” என்று அவர் கேட்டது வெளிநாட்டில் இருப்பவர்கள் அடிக்கடி போடும் திட்டம். மாடியில் தனி வாசலும் தனி வயரிங்கும் தனிக் குடித்தனமும் இருந்தால் அதற்குத் தனி இணைப்பு கிடைக்கும். ஒரே குடும்பம் ஒரே வீட்டைப் புழங்கிக்கொண்டு சலுகைக்காக இரண்டு இணைப்பு வைத்திருப்பதை விதி ஏற்பதில்லை. ஆய்வுக்கு வந்தால் இரண்டையும் ஒன்றாக்கச் சொல்வார்கள். மாமா அந்த யோசனையை அங்கேயே நிறுத்தினார்.

அவர் சொன்ன இன்னொரு விஷயம், புது வீடு கட்டுகிறவர்களுக்கு முக்கியம். கட்டுமானத்துக்கு வாங்குவது தற்காலிக இணைப்பு, அதற்கு யூனிட் 12 ரூபாய்க்குக் குறையாது. வீடு முடிந்து குடிபோன பிறகும் அதை வீட்டு இணைப்பாக மாற்றாமல் மாதக்கணக்கில் கட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் உண்டு. கட்டண வகை என்னவென்று ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.

தாமதத்துக்கு என்னதான் செய்வது? மாமா சொன்ன வழியில் முதல் வேலை நாளை எண்ணுவது. ரீடிங் எடுத்த தேதியைக் காலண்டரில் குறித்து, 60-ஆம் நாளை வட்டமிட்டு வைக்க வேண்டும். 500-ஐ 60-ஆல் வகுத்தால் நாளைக்கு 8.3 யூனிட். எனவே 30-ஆம் நாள் மீட்டர் கூடுதலாக 250-க்குள்ளும், 45-ஆம் நாள் 375-க்குள்ளும் காட்டினால் வீடு கோட்டுக்குள் போகிறது என்று அர்த்தம். இந்த வீட்டில் 45-ஆம் நாள் பார்த்திருந்தால் 353 வாக்கில் இருந்திருக்கும். பயப்பட ஒன்றுமில்லை என்றே தோன்றியிருக்கும். சிக்கலே அதற்குப் பிறகு, வட்டமிட்ட நாள் கடந்தும் ஆள் வராததில்தான்.

அன்றைக்கே இரண்டு காரியம் செய்ய வேண்டும். kWh தெரியும் மீட்டர் திரையைப் படம் எடுக்க வேண்டும், கூடவே மீட்டரே தேதி காட்டும் திரையையும். பிறகு பிரிவு அலுவலகத்துக்கோ, 2021 ஜூனில் தொடங்கிய மின்னகம் சேவை மையத்தின் 94987 94987 எண்ணுக்கோ சொல்லிப் புகார் எண் வாங்கிக்கொள்ள வேண்டும். வந்து ரீடிங் எடுத்தால் பிரச்சினை தீர்ந்தது. எடுக்காமல் பில் எகிறினால், 60-ஆம் நாள் படத்தையும் புகார் எண்ணையும் சேர்த்து உதவி மின் பொறியாளருக்கு மனுக் கொடுக்கலாம். அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் மேற்பார்வைப் பொறியாளர் அலுவலக வட்டத்தில் நுகர்வோர் குறைதீர்ப்பு மன்றம் இருக்கிறது. அதற்கும் மேலே சென்னையில் மின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டமே ஏற்படுத்திய அமைப்புகள் இவை. பில்லைப் படம் எடுத்து அனுப்புவது ரீடிங் முடிந்த பிறகு நடக்கும் காரியம். மீட்டரைப் படம் எடுப்பது முன்கூட்டிச் செய்வது. மனுவுக்கு வலு சேர்ப்பது இரண்டாவதுதான்.

நுகர்வோர் எடுக்கும் படத்தை வாரியம் ஏற்றுக்கொண்ட முன்னுதாரணமும் உண்டு. 2021 மே மாத ஊரடங்கில் கணக்கீட்டாளர்கள் வீடு வீடாகப் போக முடியாதபோது, மீட்டரைப் படம் பிடித்து உதவிப் பொறியாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்று அறிவித்தார்கள். அதற்கு முந்தைய வருடம், 2020 ஊரடங்கில் நடந்தது இன்னும் கவனிக்க வேண்டியது. இரண்டு மாத ரீடிங்கே விட்டுப்போனது. முந்தைய தொகையையே கட்டச் சொன்னார்கள். பிறகு நான்கு மாத ரீடிங்கை மொத்தமாக எடுத்து, யூனிட்டை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாதிக்கும் தனியாக விலை போட்டு, ஏற்கெனவே கட்டிய பணத்தைக் கழித்தார்கள். கட்டிய பணத்தைக் கழிப்பதற்குப் பதில் அதற்குரிய யூனிட்டைக் கழித்திருக்க வேண்டும் என்று அப்போது பெரிய சர்ச்சை எழுந்தது. ஆனால் ஒன்று தெளிவு. தள்ளிப்போன ரீடிங்கைக் கால அளவுக்குப் பிரித்துக் கணக்குப் போடும் வழி வாரியத்துக்குத் தெரியாததல்ல.

இந்த வீட்டில் மே 27 அன்று யாரும் மீட்டரைப் படம் எடுக்கவில்லை. ஆதாரமாகக் காட்ட 69 நாள் என்ற தேதிக் கட்டம் மட்டுமே இருந்தது. அதை வைத்து மாமாவே ஒரு மனு எழுதிக் கொடுத்தார். பில் தொகையை நிறுத்தி வைக்க வேண்டாம் என்றார். கெடுவுக்குள் கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டிப்பார்கள், மறு இணைப்புக்குத் தனியாகக் கட்ட வேண்டும். ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாள்தான் அவகாசம். வெல்டர் அந்த வாரச் சம்பளம் ஏறியதும் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்தின் இணையதளத்தில் இணைப்பு எண்ணைப் போட்டு, ஊர் வங்கிக் கணக்கிலிருந்து கட்டிவிட்டார். வெளிநாட்டுக் கைப்பேசி எண்ணையே என்ஆர்இ கணக்கோடு இணைத்து யுபிஐயில் கட்டும் வசதி சிங்கப்பூர் உள்ளிட்ட சில நாடுகளுக்கு 2023-ல் வந்தது. அதே தளத்தில் பதிந்திருக்கும் கைப்பேசி எண்ணையும் மாற்றச் சொல்லி மனைவியின் எண்ணைக் கொடுத்தார்கள். இனி எஸ்எம்எஸ் வீட்டிலிருப்பவருக்கே வரும்.

மாதம் ஒருமுறை கணக்கெடுப்பு வரும் என்பது 2021 தேர்தலில் தி.மு.க. கொடுத்த வாக்குறுதி. இந்த பில் வந்தபோது அது நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. ஸ்மார்ட் மீட்டர் சென்னை தியாகராய நகரில் முன்னோட்டமாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. அது ஆள் வராமலேயே குறித்த நாளில் அளவை அனுப்பிவிடும். காரைக்குடிப் பக்கத்து வீட்டுக்கு அது வந்தால், 60-ஆம் நாள் ரீடிங் 60-ஆம் நாளே பதிவாகும், 436 ரூபாய் 80 காசு போன்ற கணக்குக்கு இடமிருக்காது. ஆனால் 500-ஆவது யூனிட்டுக்கும் 501-ஆவது யூனிட்டுக்கும் நடுவில் இருக்கும் 243 ரூபாய் 40 காசை எந்த மீட்டராலும் குறைக்க முடியாது. அதை மாற்றுவது மின்சார ஒழுங்குமுறை ஆணையமும் மானியம் தரும் அரசும் செய்ய வேண்டிய வேலை.